கழுவாமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, எனக்குத் தெரிந்த நான்கு பேர் மீது பழியைப் போட்டேன். அந்த வாக்கியம் வெளியே போகவில்லை. போயிருந்தால் அது நல்ல ஆங்கிலம் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். அங்கே ஏதாவது ஒரு மூன்றாம் மொழி எடுத்தே ஆக வேண்டும் என்றபோது, மாண்டரின் வகுப்பில் இடம் இல்லாததால் பிரெஞ்சு எடுத்தேன். பிறகு அது பிடித்துப்போய் மாலை வகுப்புகளுக்கும் போனேன். வெப்பப் பரிமாற்றிகள் செய்யும் எங்கள் நிறுவனத்துக்குத் தாய்க் கம்பெனி பிரான்சில். அங்கிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் என் மேசைக்கு வந்துவிடும். 'உனக்குத்தான் அந்த பாஷை தெரியுமே' என்பார் மேனேஜர். அதற்கு அலவன்ஸ் எதுவும் கிடையாது.

அப்படி வந்த ஒன்றுதான் அந்த ஆய்வுக் கட்டுரை. பாசிர் கூடாங்கில் எங்கள் பட்டறையில் செய்து அனுப்பிய ஒரு பரிமாற்றியின் எஃகுக் குழாய்கள், வேலைக்குப் போய்ச் சில மாதங்களிலேயே விரிசல் விட்டிருந்தன. துருப்பிடிக்காத எஃகுதான். ஆனால் வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை, நீரில் குளோரைடு, கொஞ்சம் சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த எஃகும் மரக்கிளை பிரிவதுபோலப் பிரிந்து வெடிக்கும். பிரெஞ்சு ஆய்வகம் குழாய்களை அறுத்துப் பார்த்து எழுதிய கட்டுரையை ஓர் ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பு என் வேலை.

முதல் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம். அதன் எலும்பைத் தமிழில் அப்படியே வைத்தால்: 'வெல்டிங் மட்டத்தில் விரிசல்களின் தொடங்கலின் வெளிக்கொணரல், அரிப்புப் பொருட்களின் நீக்கலுக்குப் பின்னான மின்னணு நுண்ணோக்கி அவதானிப்பு மூலம் நிகழ்த்தப்பட்டது.'

படிக்கவே மூச்சு முட்டுகிறது. ஆனால் பிரெஞ்சில் இது முட்டாது. அங்கே அறிவியல் எழுத்து இப்படித்தான் நடக்கும். செயல்கள் எல்லாம் பெயர்ச்சொற்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வினைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃபெக்த்துவே', 'ரெயலிசே' மாதிரி வெறும் சுமைதாங்கி ஒன்று நிற்கும். நம்மூர் அரசாங்க அறிவிப்பின் 'மேற்கொள்ளப்படும்' போல. 1958-இல் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு எழுதிய வினே, தார்பெல்னே இருவரும் பிரெஞ்சின் இந்தப் பெயர்ச்சொல் நாட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு சொல்லை அதன் வகை மாற்றி மொழிபெயர்ப்பதை ஒரு முறையாகவே பெயரிட்டு வைத்தவர்கள் அவர்கள்.

நான் செய்யும் முறை எளிமையானது. முதலில் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் செயல்களை வட்டமிடுவேன். இங்கே நான்கு: தொடங்கல், வெளிக்கொணரல், நீக்கல், அவதானிப்பு. 'நிகழ்த்தப்பட்டது' செயலே இல்லை, அதைத் தூக்கிப் போடலாம். அடுத்து அவற்றை நடந்த வரிசையில் நிறுத்துவேன். முதலில் நீக்கினார்கள், பிறகு பார்த்தார்கள், பிறகு கண்டார்கள், அதற்கெல்லாம் வெகு முன்பே விரிசல் தொடங்கியிருந்தது. பிரெஞ்சு வாக்கியம் இந்த வரிசையைக் கிட்டத்தட்டத் தலைகீழாக வைத்திருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு வினைக்கும் 'யார்?' என்று கேட்பேன். ஆங்கிலத்தில் வந்தது இதுதான்: அரிப்புப் பொருட்களை நீக்கிவிட்டு நாங்கள் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தோம், விரிசல்கள் வெல்டிங்கில் தொடங்கியிருப்பதைக் கண்டோம்.

தெளிவாக இருக்கிறது, இல்லையா? ஆனால் எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. 'விரிசல்கள்' என்றால் எல்லா விரிசல்களுமா? 'விரிசல்களின் தொடங்கல்' என்று சொல்லும்போது அந்தக் கேள்வியே எழவில்லை. 'தொடங்கின' என்றதும் எழுகிறது. ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒன்பது விரிசல்களைப் பார்த்தார்களாம், ஏழு வெல்டிங் விளிம்பில் தொடங்கியிருந்தன, மீதி இரண்டின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த எண்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. 'ஒன்பதில் ஏழு' என்று சேர்த்தோம்.

பள்ளியில் தொழிற்பெயர் படித்திருப்போம். தொழிற்பெயர் காலம் காட்டாது என்று மனப்பாடம் செய்து எஸ்பிஎம்மில் எழுதிவிட்டு மறந்தும் போயிருப்போம். காலம் மட்டுமல்ல, அது ஆளையும் காட்டாது. செய்தது யார், எப்போது, எத்தனை முறை, நிச்சயமாகவா ஊகமாகவா என்று எதுவுமே சொல்லாமல் ஒரு செயலைப் பொருள்போல மேசைமேல் வைத்துவிடலாம். மேசைமேல் இருக்கும் பொருளை யாரும் 'இது நடந்ததா?' என்று கேட்பதில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்தான் அந்த வாக்கியம் இருந்தது. 'லாப்சான்ஸ் து ரேன்சாஜ்' என்று தொடங்கும். 'நீர் அழுத்தச் சோதனைக்குப் பின்னான கழுவுதலின் இன்மை, குளோரைடுகளின் செறிவுக்குத் துணைசெய்தது.'

பரிமாற்றி செய்து முடித்ததும் அதில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யப்போகும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்போம். பிறகு நீரை வடித்து, குளோரைடு இல்லாத சுத்த நீரால் கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் குழாயின் அடியில் தேங்கிய கொஞ்ச நீர் மெல்ல ஆவியாகும். நீர் போகும், குளோரைடு போகாது. குழாய்த் தண்ணீரில் அற்பமாக இருந்த உப்பு, காயக் காய எஃகைத் தின்னும் அளவுக்கு அடர்ந்துவிடும்.

என் முறை தயாராக இருந்தது. செயல்: கழுவுதல். யார்? சோதனை நடந்தது எங்கள் பட்டறையில். எனவே ஆங்கிலத்தில் எழுதினேன்: உற்பத்தியாளர் குழாய்களைக் கழுவவில்லை, அதனால் குளோரைடு அடர்ந்தது. எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, காரணம் இருக்கிறது. எந்த ஆங்கில நடைக் கையேடும் இதைப் பாராட்டும்.

மதிய சாப்பாட்டின்போது எங்கள் வெல்டிங் இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அன்றைய சோதனையை நடத்தியவர் அவர், கூட மூன்று பேர். மீ கோரெங்கைச் சுற்றிக்கொண்டிருந்த முள்கரண்டியை அவர் கீழே வைத்தார்.

"நாங்க கழுவலன்னு அவனுக்கு யாரு தம்பி சொன்னா?"

"கட்டுரையில இருக்குண்ணே."

"அவன் அப்டியா எழுதியிருக்கான், இல்ல நீ எழுதுனியா?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். அவர் எழுதியது ஒரு பெயர்ச்சொல். 'உற்பத்தியாளர்' என்ற எழுவாய் நான் போட்டது. 'அதனால்' என்பதும் நான் போட்டதுதான். 'ஃபவொரிசே' என்றால் துணைபோதல், வழி விடுதல். காரணம் ஆவது அல்ல. தெளிவுக்கு ஆசைப்பட்டு, அவர் சொல்லாத இரண்டு விஷயங்களை அவர் வாயில் வைத்திருக்கிறேன். அதற்காக 'கழுவுதலின் இன்மை' நேர்மையானது என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் ஒரு குற்றச்சாட்டுத்தான். பெயர் போடாத மொட்டைக் கடிதம் மாதிரி.

அன்று மாலை ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். குழாய்கள் கழுவப்படவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகு, "தெரியாது. குழாயின் உள்ளே அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு கோடுபோல உப்புப் படிவம் இருந்தது. தேங்கிய நீர் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். அதை வைத்துச் சொன்னோம்" என்றார். கப்பலில் வரும்போது கடற்காற்று உள்ளே போய்க் குளிர்ந்து தேங்கியிருக்கலாமே என்றேன். இருக்கலாம், மூடிகள் எந்த நிலையில் வந்தன என்று தாங்கள் பார்க்கவில்லை என்றார். அவர் மறைக்கப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. தன் ஊகம் எப்போது பெயர்ச்சொல்லாக உறைந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. முதல் வரைவில் 'கழுவியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்' என்று இருந்ததாம். சுருக்கும்போது போய்விட்டது.

கடைசியில் வந்த ஆங்கிலம் இரண்டு வாக்கியம். குழாய்களின் அடிப்பகுதியில் ஒரு கோடாகக் குளோரைடு படிவம் இருக்கக் கண்டோம். சோதனை நீர் அங்கே தேங்கிக் காய்ந்திருக்கலாம், ஆனால் பயணத்தின்போது உள்ளே புகுந்த ஈரத்தையும் எங்களால் விலக்க முடியவில்லை. பிரெஞ்சைவிட நீளம். இதில் 'நாங்கள்' வரும் இடங்கள் எல்லாம் ஆய்வகத்தார் உண்மையாகவே செய்தவை. கழுவியது, கழுவாதது பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் அதைப் பார்த்தவர் யாரும் அந்தக் கட்டுரையை எழுதவில்லை.

அன்றிரவு இதையே தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'குழாய்களைக் கழுவவில்லை.' நானா, நீயா, அவர்களா? 'கழுவினேன்', 'கழுவினார்கள்' என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'கழுவவில்லை' எல்லாருக்கும் ஒன்றுதான். செய்ததற்குப் பெயர் கேட்கும் தமிழ், செய்யாததற்குக் கேட்பதில்லை. ஆனாலும் அது வினை. மறுக்கலாம், 'கழுவினோம்' என்று எதிர்த்துச் சொல்லலாம். 'கழுவாமை' என்று எழுதிவிட்டால் அதை எங்கே பிடித்து மறுப்பது? ஆங்கிலத்தின் செய்வினையில் எழுவாய் இல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. செயப்பாட்டு வினைக்குத்தான் போக வேண்டும். செயப்பாட்டு வினையைக் கண்டாலே வெட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். செய்தவர் யாரென்று தெரியாதபோது அதுதான் உண்மையைச் சொல்லும் வடிவம். வெட்ட வேண்டியது, தெரிந்தும் சொல்லாமல் விடும்போது.

எல்லாப் பெயர்ச்சொல்லையும் உடைப்பதும் கிறுக்குத்தனம். 'அரிப்பு' ஒரு பெயர்தான், அதை 'அரித்தது' என்று ஒவ்வொரு முறையும் விரிப்பவரை யாரும் படிக்க மாட்டார்கள். முந்தைய வாக்கியத்தில் 'சூடான மாதிரிகளில் விரிசல் வேகமாக வளர்ந்தது' என்று சொல்லியாகிவிட்டால், அடுத்தது 'இந்த வேகம்' என்று தொடங்குவதில் ஒரு தவறும் இல்லை. நடந்ததை ஒருமுறை வினையில் சொல்லிவிட்டார்கள், அதன் பிறகு அது பெயராகலாம். சொல்லாமலே பெயரானதைத்தான் நான் இப்போதெல்லாம் வட்டமிடுகிறேன். வட்டமிட்ட எல்லாவற்றையும் நானே உடைப்பதில்லை, சிலவற்றைக் கேள்வியாக எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறேன். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் வேலை ஒரு வாரம் ஆகிறது என்கிறார், அதுவும் உண்மைதான்.

கட்டுரையைப் பிரதி எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"இப்ப, கழுவுனாங்களா இல்லையான்னு தெரியாதுன்னுதானே அர்த்தம்?"

"ஆமாண்ணே."

"சரியா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு ரெண்டு யூனிட் ஒண்ணா போச்சு தம்பி. ஒண்ண கழுவுனது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

சோதனைப் பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அழுத்தம், நேரம், நீரின் வெப்பநிலை எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. கழுவியதற்கென்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டமே இல்லை.