யார் வீட்டுப் பெண் என்பதா, என்ன தெரிந்தவள் என்பதா?

கெடாரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி விழுப்புரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ். இங்கிலாந்து வேலைக்கு விண்ணப்பிக்கத் தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள். கடின உழைப்பாளி, அன்பானவள், சேவை மனப்பான்மை உள்ளவள் என்று தொடங்கி, அப்பா பெயர், வயது, திருமணமாகாதவள் என்று முடித்திருந்தாள். அத்தனையும் உண்மை. ஆனால் வரன் பார்ப்பவர்களுக்கு எழுதிய மாதிரி இருந்தது. இங்கிலாந்தில் வேலைக்கு எடுப்பவர்கள் திருமணம் ஆயிற்றா என்று பார்த்து ஆள் எடுப்பதில்லை.

"நேத்து நைட் டூட்டியில என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேஷண்ட், அண்ணா. ஒருத்தர் பூச்சிமருந்து குடிச்சவர், வென்டிலேட்டர்ல இருக்கார். அட்ரோபின் போயிட்டிருக்கு. கண்மணியை மட்டும் பாத்தா பத்தாது. நெஞ்சுல சளிச் சத்தம் குறையுதா, நாடி, பிரஷர் எப்படின்னு பாக்கணும். மருந்து கூடிட்டா காய்ச்சல் வரும், உளறுவாங்க. உடனே டாக்டரைக் கூப்பிடுவேன்."

அவள் எழுதியதில் இதில் ஒரு சொல்கூட இல்லை. தன் வேலையைச் சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும் என்று நம் பெண்களுக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அதனால் குணத்தைச் சொல்கிறார்கள், கைத்திறனை விட்டுவிடுகிறார்கள்.

மறுபடி எழுதினோம். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவள். பன்னிரண்டு படுக்கை உள்ள பொது ஐ.சி.யூ. ஒரு ஷிப்டில் இரண்டு நோயாளிகள். வென்டிலேட்டர் பராமரிப்பு, சளி உறிஞ்சுதல், பம்ப் வழியாகச் செல்லும் மருந்துகளைக் கவனித்தல், விஷம் குடித்தவர்களின் நிலை மாறுவதைக் கண்டு டாக்டருக்குத் தெரிவித்தல். படுக்கை எண்ணிக்கையையும் நோயாளி விகிதத்தையும் பார்த்தாலே அங்கிருப்பவருக்கு வார்டு புரிந்துவிடும்.

ஓரிடத்தில் "டியூப் போடுவேன்" என்று எழுதினாள். டியூப் போடுவது டாக்டர், இவள் உடனிருந்து உதவுகிறாள். அப்படியே மாற்றினோம். நேர்காணலில் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

நடுவில் எட்டு மாதம் அவள் வேலையில் இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டாள். பழைய வேலையின் தேதியை நீட்டி இடைவெளியை மறைத்துவிடலாம் என்று ஓர் ஏஜென்ட் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய தவறாகப் பட்டது. வளைகுடா நாடுகளுக்குப் போனால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சான்றிதழ் கொடுத்த மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கும். மாதம் பிசகினாலும் அறிக்கை பாதகமாக வரக்கூடும். இங்கிலாந்திலும் பழைய மேலதிகாரியிடம் கேட்பார்கள்.

சரிபார்ப்பு இல்லாவிட்டாலும் மறைக்க அதில் என்ன இருக்கிறது? அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் எட்டு மாதம் காப்பாற்றினாள். மருத்துவமனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அனுபவம், வீட்டில் செய்தால் வெற்றிடமா? அனுபவக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். ஆனால் ஒரு வரியில் சொல்லலாம்: குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டிருந்தேன், பிறகு அதே ஐ.சி.யூ.வுக்குத் திரும்பினேன்.

அந்த வரியை அவளே எழுதினாள். அப்பா பெயரை அடித்தபோதுதான் கொஞ்சம் தயங்கினாள்.