தரைக்கேற்ற துடைப்பம்

சிறிய அடுக்கக வீட்டுக்குத் துப்புரவுக் கருவி வாங்குவோர் பெரும்பாலும் கடையில் அடுக்கியிருக்கும் கருவிகளிலிருந்தே யோசிக்கத் தொடங்குகின்றனர். எது நாள்தோறும் கைக்கு வரும், எது பரணில் தூசி படிந்து கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பவை காலடியிலுள்ள கல்லும் குழாயில் வரும் நீரும் ஆகும். சித்தூர், திருப்பதி வட்டாரத்து வீடுகளில் கூடத்தில் விட்ரிஃபைடு டைல்ஸ், சமையல் மேடையில் கிரானைட், பால்கனியிலோ பூசை மூலையிலோ கடப்பா கல் என மூன்று வகைப் பரப்புகள் ஒரே கூரையின் கீழ் அமைவது வழக்கம்.

இம்மூன்றின் இயல்பும் வேறு வேறு. விட்ரிஃபைடு என்பது களிமண்ணையும் சிலிக்காவையும் மிகுந்த வெப்பத்தில் கண்ணாடித்தன்மை பெறும்வரை சுட்ட ஓடு. அது தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதால் அழுக்கு ஓட்டில் அன்றி ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட் இணைப்பிலேயே தங்குகிறது. பாறைக் குழம்பு நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து உருவான கிரானைட் எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான புளிப்புகளைத் தாங்கிக்கொள்ளும். தெலுங்கில் நாபராயி எனப்படும் கடப்பா கல் சுண்ணாம்புக் கல்வகை. புளிப்புப் பொருள் எதுவும், கழிவறை ஆசிட்டோ வினிகரோ, அதன் மேற்பரப்பைக் கரைத்துவிடும். கல் எதுவென்று ஐயமிருப்பின், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை இட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கலாம். மங்கிய வட்டம் எஞ்சினால் அது சுண்ணாம்புக் கல். அந்த வட்டத்தை எந்தத் துணியாலும் அழிக்க இயலாது, மீண்டும் மெருகேற்றவே வேண்டும் என்பதால் ஓரத்தைத் தேர்வதில் கவனம் தேவை.

கல்லினும் கவனிக்கப்படாதது நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும் வீடுகளில், துடைத்த தரை உலர்ந்ததும் வெண்படலம் தெரியும்; ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தால் அது அழுக்கன்று, உப்பு. ஆர்ஓ கருவியின் கழிவுநீரை வீணாக்கக் கூடாதென்று அதையே தரை துடைக்கப் பயன்படுத்தும் நல்லெண்ணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. உள்ளே சென்ற நீரில் பாதி கழிவாக வெளியேறினால், அக்கழிவில் உப்பின் செறிவு ஏறக்குறைய இருமடங்காகிவிடும். அந்நீர் கழிவறைக்குப் பொருந்தும். கறுத்த கடப்பா கல்லுக்குப் பொருந்தாது.

ஆகவே வாளி நிறைய நீர் கேட்கும் நூல் மாப்பைவிட, தட்டையான பலகையில் மைக்ரோஃபைபர் துணி பொருத்திய மாப்பே இவ்வீடுகளுக்கு ஏற்றது. மயிரிழையினும் மெல்லிய செயற்கை இழைகளால் ஆன அத்துணி, குறைந்த ஈரத்திலேயே தூசியைப் பற்றிக்கொள்ளும். நன்றாகப் பிழிந்து துடைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தரை உலர்ந்துவிடும், படியும் உப்பும் அந்த அளவுக்குக் குறையும். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, துவைத்துக் காயும் ஒன்று என மூன்று துணிகள் போதும். அவற்றைத் துவைக்கையில் துணி மென்மையாக்கி சேர்த்தால் இழைகளில் மெழுகுபோல் படிந்து, பற்றும் திறனே போய்விடும். இணைப்புகளைத் தேய்க்கக் குறுகிய நைலான் தூரிகை வேண்டும். கம்பித் தூரிகையின் இரும்புத் துகள்கள் கல்லில் தங்கித் துருக்கறையாக மாறும்.

வாக்குவம் கிளீனரின் இடம் இதன் பின்னரே வருகிறது. கம்பளம் இல்லாத வீட்டில் அது துடைப்பத்தை அகற்றிவிடுவதில்லை. மெத்தை, சோபா, கொசுவலை, கட்டிலின் அடி ஆகியவற்றிலேயே அதன் பயன் தெரிகிறது. பெட்டியில் அச்சிட்ட வாட் எண், மோட்டார் உண்ணும் மின்சாரத்தின் அளவே தவிர உறிஞ்சும் ஆற்றலின் அளவன்று. கடினத் தரைக்கு மென்மயிர் பதித்த, சுழலாத முகப்பு வேண்டும். சுழலும் உருளை மணலைச் சிதறடிப்பதோடு நீண்ட கூந்தலையும் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். கோலப்பொடியும் ஊதுபத்திச் சாம்பலும் மிக நுண்ணியவை என்பதால் வடிகட்டியின் துளைகளை விரைவில் அடைத்துவிடும். அவற்றைப் புல்துடைப்பத்தால் கூட்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே முறை. சத்தம் உயர்ந்து இழுப்பு தளர்ந்தால் அடைப்பு என்று அறியலாம். கழுவக்கூடிய வடிகட்டி முழுதும் உலர ஒரு நாள் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதற்கும் மேலாகும். ஈரத்தோடு பொருத்தினால் வீடெங்கும் பூஞ்சை வாடை வீசும். தூய்மைக்கென வாங்கிய பொருளைத் தூய்மை செய்யவே வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்க மனமுண்டா என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். மனமுண்டு என்போரும், மாற்று வடிகட்டியும் பையும் உள்ளூரில் தனியே கிடைக்காத இயந்திரத்தை, விலை எவ்வளவு இறங்கினாலும், கடையிலேயே விட்டுவிடுவது நல்லது.