மண்டபத்தில் இருந்தவர்களின் சம்மதம்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். இத்தகைய போராட்டங்களில் கூட்டக் குறிப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. நிர்வாகம் என்ன வாக்குக் கொடுத்தது, யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குப் பல சமயம் அந்தத் தாள்தான் சாட்சி. இன்று அந்தத் தாளை எழுதுவதற்கு முன் மென்பொருள் கூட்டத்தைப் பதிவு செய்து, பேச்சை எழுத்தாகவும் மாற்றித் தருகிறது. குறிப்பின் தலைப்பகுதியில் ‘அனைவரின் சம்மதத்துடன் இக்கூட்டம் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரியும் சேர்ந்துவிடுகிறது. அந்த வரி எப்போது உண்மையாகும்?

கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு தோட்ட மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மேசையில் ஒரே ஒரு மடிக்கணினி. கோலாலம்பூரிலிருந்து இருவர் ஸூம் வழியாகச் சேர்கிறார்கள். பதிவு தொடங்கியதும் ‘This meeting is being recorded’ என்ற அறிவிப்பு வருகிறது. அந்த இருவரும் அதைத் தம் திரையில் பார்க்கிறார்கள், விருப்பமில்லையென்றால் வெளியேறலாம். மண்டபத்தின் முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான். அதை அழுத்துபவர் கணினியின் முன் இருக்கும் செயலாளர். மென்பொருளின் கணக்கில் எல்லோரும் சம்மதித்தாயிற்று. பின்வரிசையில் இருக்கும் மூதாட்டிக்கோ பதிவு நடப்பதே தெரியாது. அவர் பெயரும் அந்த ‘அனைவரில்’ அடங்குமானால், கூட்டக் குறிப்பு முதல் வரியிலேயே பொய் சொல்கிறது.

சட்டம் இங்கே முழுத் துணையாக வராது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்கே பொருந்தும். மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. குடியிருப்பாளர் குழுவோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கூடும் கூட்டம் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கும். பொருந்தும் இடத்திலும் அது கேட்கும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். தமிழில் மட்டுமே வாசிப்பவருக்கும், வாசிக்கவே தெரியாதவருக்கும் வாய்விட்டுச் சொல்வது கூட்டம் நடத்துபவரின் கடமையாகவே மிஞ்சுகிறது.

பதிவே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. ‘அப்படி நாங்கள் சொல்லவே இல்லை’ என்று நிர்வாகம் பின்னால் மறுக்கும்போது ஏழையின் கையில் இருக்கும் பலம் அந்த ஒலிப்பதிவு. ஆனால் அதே ஒலிப்பதிவில் ஒருவரின் கடன், நோய், மகன் மீதுள்ள வழக்கு எல்லாம் இருக்கும். லயன் வீட்டில் நிர்வாகத்தின் தயவில் குடியிருப்பவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று கைதூக்கத் தயங்குவார், அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது அநியாயம். பதவியில் இருப்பவர் தரும் வாக்கும் தனிமனிதர் சொல்லும் துயரமும் ஒரே நிறையில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாவதைப் பதிவு செய்யலாம், இரண்டாவது தொடங்குமுன் கருவியை நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்தியது, எங்கே மீண்டும் தொடங்கியது என்பதும் குறிப்பில் வரவேண்டும்.

மென்பொருள் எழுத்துப்படி எடுப்பதையும் அறிவிக்க வேண்டும், அதற்கு வேறொரு காரணம் உண்டு. தமிழில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஒத்துக்கிட்டோம்’, ‘ஒத்துக்கல’ இரண்டுக்கும் வேறுபாடு வாலில்தான். மின்விசிறி ஓடும் மண்டபத்தில், ஒலிவாங்கிக்கு எட்டாத தூரத்தில், நடுவே மலாய்ச் சொல்லும் கலந்து பேசும்போது அந்த வால்தான் முதலில் தொலையும். மென்பொருள் சொல்லை விடுவதோடு நிற்பதுமில்லை. விஸ்பர் என்ற மென்பொருளை ஆங்கில ஒலிப்பதிவுகளில் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், சுமார் 1 விழுக்காட்டுப் பகுதிகளில் யாரும் பேசாத சொற்றொடர்களே முளைத்திருந்ததை 2024இல் வெளியிட்டார்கள். பேச்சில் இடைவெளி கூடிய இடங்களில் அது அதிகம். தயங்கித் தயங்கிப் பேசும் முதியவருக்கே ஆபத்து கூடுதல்.

ஆகவே குறிப்பில் இப்படி எழுதலாம்: ‘பதிவைத் தொடங்குமுன் தலைவர் தமிழிலும் மலாயிலும் அறிவித்தார். மறுப்பவர் பின்னர் செயலாளரிடம் தனியாகச் சொல்லலாம், மறுத்தவரின் பேச்சு நீக்கப்படும் என்றும் கூறினார். எழுத்துப்படி மென்பொருள் தயாரித்தது, சரிபார்க்கப்படாதது. இந்தக் குறிப்பே அதிகாரபூர்வமானது. பதிவு செயலாளரிடம் மட்டும் இருக்கும், குறிப்பு உறுதிசெய்யப்படும்வரை வைக்கப்படும்.’ தாமதமாக வந்தவர் இருந்தால் அவருக்கும் சொல்லி, அதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். அறிவிப்பு கூட்டத்தின் நடுவில்தான் நினைவுக்கு வந்ததென்றால், நடுவில் என்றே எழுத வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிசெய்யும்போது ‘நான் அப்படிச் சொல்லலீங்க’ என்று ஒருவர் எழுந்தால், அந்தப் பகுதியை மட்டும் அவர் முன்னிலையில் ஒலிக்கவிட்டுத் திருத்தலாம். நிர்வாகத்தின் வாக்குறுதி உள்ள பகுதியை மேலும் வைத்திருக்க வேண்டுமா என்பதை அங்கேயே கேட்டு முடிவெடுக்கலாம். மற்றதை அழித்துவிட்டு, அழித்த தேதியை அந்தக் கூட்டத்தின் குறிப்பில் எழுத வேண்டும்.