இல்லறத்தில் வெகுளியும் இடைநிறுத்தமும்

வாய்ச்சண்டை முற்றும் வேளையில் பேச்சை நிறுத்தி எழுந்து போகும் கணவன், பொறுமை காக்கிறானா? அல்லது மனைவியைத் தண்டிக்கிறானா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்வினாவுக்கு விடை காண நான் நெடுங்காலம் முயலவில்லை. குரலை உயர்த்தாதவன் என்ற பெயரே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு என் தம்பியின் கடனுக்கு, மனைவியிடம் கூறாமல், நான் ஜாமீன் கையெழுத்திட்டேன். செய்தி வேறொருவர் வாயிலாக அவளுக்கு எட்டியது. அன்று மாலை உணவு முடிந்ததும், "என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நானோ, "அவன் என் தம்பி" என்றேன். அவள் மேலும் ஏதோ கூறினாள். மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் முறையும் அதே மூன்று சொற்கள்! பிறகு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். அவள் இடையில் கூறியது என்னவென்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. காது சுட்டது, நா வறண்டது, மார்பு படபடத்தது. இவை மட்டுமே நினைவில் உள்ளன.

இந்நிலையை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் காட்மன் என்னும் உளவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளார். தம்பதியரை ஓர் அறையில் அமர்த்தி, அவர்களிடையே தீராத ஒரு பிணக்கைப் பற்றிப் பேசச் செய்து, இதயத் துடிப்பைக் கருவிகளால் அளந்தார். துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 100ஐத் தாண்டும்போது, உடல் அபாயத்தை எதிர்கொள்ளும் நிலைக்கு மாறிவிடுகிறது. பிறர் சொல்வதைக் கேட்டு உள்வாங்கும் ஆற்றல் குன்றுகிறது. ஆற்றில் திடீரென வெள்ளம் வருவது போன்ற நிலை இது. கல்லைப்போல் பேசாமல் அமர்ந்திருப்பவரின் உள்ளேயும் இதயம் விரைந்து துடிக்கக்கூடும் என்பதையும் அவ்வாய்வுகள் காட்டின. என் 'பொறுமை'யின் உண்மை நிறம் இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அவர் செய்த சோதனை ஒன்று எளிமையானது. வாக்குவாதத்தின் நடுவே கருவியைச் சரி செய்ய வேண்டும் என்று கூறிப் பேச்சை நிறுத்தினர். அரைமணி நேரம் அவ்விஷயத்தைப் பேசாமல் இதழ்களைப் படித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். மீண்டும் பேசத் தொடங்கியபோது துடிப்பு தணிந்திருந்தது; பேச்சும் பயனுள்ளதாக மாறியிருந்தது. இடையில் எவரும் அவர்களுக்கு அறிவுரை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறைந்தது 20 நிமிடம் தேவை என்பர். சினத்தில் சுரந்த நீர்கள் இரத்தத்தில் தணிய அவ்வளவு நேரமாகும். தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்புகிறவர், தணிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அதே வெள்ளத்தில் மீண்டும் இறங்குகிறார். மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணிப் பார்க்கலாம். 25க்கு மேலிருந்தால் பேச்சுக்கு அது நேரமன்று. ஆயினும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்க்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வது, மறுமொழி காதில் விழாமை ஆகிய குறிகளைக் கொண்டே அறிய வேண்டும்.

திண்ணையில் நான் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேனே, ஏன் தணியவில்லை? உடல்தான் அங்கிருந்தது. மனமோ அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாகக் கூர்தீட்டிக் கொண்டிருந்தது. "இவளுக்கு என் பிறந்த வீடே ஆகாது" என்று ஒருமுறை நினைத்தால் நாடி ஒருமுறை ஏறும். வழக்குரைஞர் வேலையை மனம் நிறுத்தினாலன்றி இடைநிறுத்தம் இல்லை. அதைவிடப் பெரிய பிழை, எப்போது திரும்புவேன் என்று சொல்லாமல் போனது. அவளுடைய கேள்வியை அவள் கையிலேயே போட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் அவ்விஷயத்தை நான் எடுக்கவேயில்லை.

நான்காம் நாள் அவளே தொடங்கினாள். காது சுடத் தொடங்கியதை இம்முறை கவனித்தேன். "என்னால் இப்போது நீ சொல்வதைக் கேட்க முடியவில்லை. நீ கேட்பது நியாயம். ஏழரை மணிக்கு உட்கார்ந்து பேசுவோம்" என்றேன். 'நீ கத்துகிறாய்' என்று சொல்லவிருந்த நாவை அடக்கிக்கொண்டதே பெரும்பாடு. தோட்டத்தில் மல்லிகைக்குப் பாத்தி கட்டினேன். அவள் அரிசி புடைத்தாள்.

அடிக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு இம்முறையைக் கூறுதல் தகாது. அங்குத் தேவைப்படுவது பாதுகாப்பு.

ஏழரை மணிக்கு நான் கூடத்திற்கு வந்தபோது அவள் ஏற்கெனவே அமர்ந்திருந்தாள். "கடன் எவ்வளவு? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். அவளுக்குக் கோபம் போகவில்லை; எனினும் அன்றுதான் அவள் குரலில் கோபத்தோடு அச்சமும் இருந்ததைக் கேட்டேன்.