ஏழு பேர் போதும், எட்டாவது ஆள் வேண்டாம்

காரக்கோணத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் சில வீட்டுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். போன வாரச் சண்டையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதைக் கிளறுவது என் நோக்கமில்லை. இரண்டு அப்பாமார் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா ரோட்டில் நின்று அழுதார். இப்போது அந்த வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அது பெரியவர்களின் சண்டை. என்றாவது ஒரு கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ அது தீர்ந்துபோகும். அந்தச் சண்டைக்கு முன் ஆறு வாரமாக ஒரு ஒன்பது வயதுப் பையனுக்கு நடந்தது அப்படித் தானாகத் தீராது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். பழைய ரப்பர் வெட்டிய காலி இடத்தில் சாயங்காலம் கிரிக்கெட் நடக்கிறது. இந்தப் பையன் தினமும் வருகிறான். "ஆளு தெகஞ்சாச்சு" என்கிறார்கள். மறுநாள் சீக்கிரமே வருகிறான். "டீம் பிரிச்சாச்சு, நாளைக்கு வா" என்கிறார்கள். அவன் எல்லையில் நின்று பார்க்கிறான். பந்து மரச்சீனி விளைக்குள் போனால் ஓடிப்போய் எடுத்துத் தருகிறான். பந்தை வாங்கிக்கொள்கிறார்கள். அவன் மறுபடி எல்லைக்கே போகிறான்.

இதில் ஒரு விவரத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே விளையாடுகிறவர்கள் ஏழு பேர். மூன்றுக்கு மூன்று போக ஒருவன் மிச்சம். அவனைக் 'காமன்' ஆக்கி இரண்டு பக்கமும் பேட் பிடிக்க வைக்கிறார்கள். எட்டாவது ஆள் கண்முன்னே நிற்கிறான். அவனைச் சேர்த்தால் நாலுக்கு நாலு, கணக்கு சரியாகிவிடும். அப்படியும் சேர்க்கவில்லை. ஆள் தெகஞ்சது என்ற காரணம் இங்கே நிற்குமா? விளையாட்டு கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, இவன் வேண்டாம் என்ற முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் சொன்ன காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

"அவன் முரடன், அதான் சேர்க்கலை" என்று இப்போது சொல்கிறீர்கள். தேதியை வைத்துப் பாருங்கள். அவன் ஸ்டம்ப்பை உதைத்துத் தள்ளியது ஐந்தாவது வாரத்தில். அதற்கு முன் நாலு வாரம் அவன் யாரையும் தொட்டதில்லை என்று விளையாடிய பிள்ளைகளே ஒப்புக்கொள்கிறார்கள். நாலு வாரம் ஒதுக்கியதற்கு ஐந்தாவது வாரத்தில் நடந்தது எப்படிக் காரணமாகும்? உதைத்தது தப்புதான், அதை அவனிடம் சொல்ல வேண்டும், நானே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் விளைவைத் தூக்கிக் காரணத்தின் இடத்தில் வைத்தால் அவனுக்கு எந்தக் காலத்திலும் நியாயம் கிடைக்காது.

அடிக்கவில்லை, திட்டவில்லை, சேர்க்கவில்லை அவ்வளவுதானே, இதிலென்ன பெரிய கொடுமை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சோதனை செய்து பார்த்த பதிலே இருக்கிறது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிய இருவரும் அதைத் திரும்ப அவருக்கே வீசினார்கள். கொஞ்ச நேரம் மூவரும் ஆடினார்கள். பிறகு அவர்கள் இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொள்ளத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர். ஆனாலும் அது தன்னை இவ்வளவு உறுத்துகிறதே என்று அவருக்கு வியப்பு. அதையே கணினியில் ஒரு பந்து விளையாட்டாக்கினார். ஆரம்பத்தில் உங்களுக்கு ஒன்றிரண்டு முறை பந்து வரும், பிறகு வராது. சில நிமிடம்தான். அதற்குள்ளேயே தன்மதிப்பு இறங்குகிறது. தான் எங்கும் சேர்ந்தவன் இல்லை, தன் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணம் வருகிறது. எதிரில் ஆடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்த சோதனையிலும் அந்த வலி வந்தது. வளர்ந்தவர்களுக்கு, சில நிமிடத்தில், ஒரு இயந்திரத்திடமிருந்தே அப்படி என்றால், பெயர் தெரிந்த ஏழு பேரிடமிருந்து, தினமும் ஒரு மணி நேரம், ஆறு வாரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"மேலே இருக்கிறவன் எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று ஆறுதல் சொன்னார் ஒரு பெரியவர். மேலே யாரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே நிறையப் பேர் பார்த்தார்கள். ஒதுக்கலை நடத்தியது ஒரு பையன். பேட் அவனுடையது, முடிவும் அவனுடையது. மற்ற ஆறு பேருக்கும் அது சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் என்னிடம் வாய்விட்டே சொன்னார்கள். ரோட்டோரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த பெரியவர்களும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்லர், கிரெய்க் என்ற ஆய்வாளர்கள் பள்ளி மைதானங்களில் நடப்பதைப் படம்பிடித்துப் பார்த்து 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சக பிள்ளை ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை, சரியாகச் சொன்னால் 57 விழுக்காடு, கொடுமை பத்து நொடிக்குள் நின்றுவிட்டது. பத்து நொடி! "எலே, அவனையும் சேர்த்துக்கோ" என்று சொல்ல அவ்வளவு நேரம்கூட வேண்டாம். ஆறு வீட்டுப் பெற்றோரே, "என் பிள்ளை ஒண்ணும் பண்ணலை" என்கிறீர்கள். உண்மைதான், ஒண்ணும் பண்ணவில்லை. அதற்குத்தான் அவன் பொறுப்பு.

"சின்னப் பிள்ளைங்க விஷயம், பெரியவங்க தலையிடக் கூடாது" என்பது அடுத்த வாதம். பெரியவர்கள் ஏற்கனவே தலையிட்டாகிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அந்த ஏழு பேரும் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறவர்கள். இவன் நடந்து சர்க்கார் பள்ளிக்கூடம் போகிறவன். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட சேர்ந்தா படிப்பு போயிரும்" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னபோது, அந்த வாக்கியம் ஒன்பது வயதுத் தலையில் தானாக முளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எந்த அடுக்களையில் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நம் மண்ணுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன், அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார் அய்யன்காளி. சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசின் உத்தரவே இருந்தது. ஆனாலும் ஆதிக்க சாதிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். கலவரம் மூண்டது. பள்ளிக்குத் தீ வைத்தார்கள். நம் காலியிடத்தில் நடந்ததும் அதுவும் ஒன்றல்ல. அந்தக் கொடுமையின் அளவே வேறு. ஆனால் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொது. பஞ்சமிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று அந்த வகுப்புக் குழந்தைகளா முடிவு செய்தார்கள்? இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன பெற்றோர் ஒருவர் பெயரையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

சரி, என்ன செய்வது? பேட் வைத்திருக்கும் பையனை அடித்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பது வேண்டாம். அடி வாங்கியவன் அடுத்த முறை ஆள் பார்க்காத இடத்தில் ஒதுக்குவான். ஒதுக்கப்பட்டவனிடம் "அவனுங்க சவகாசமே உனக்கு வேண்டாம்" என்று சொல்லி போனைக் கையில் கொடுப்பதும் வேண்டாம். அது அந்த ஏழு பேரின் தீர்ப்பை நீங்களே உறுதி செய்வது. மாற்ற வேண்டியது முறையை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, வகுப்பில் ஒரு விதி கொண்டுவந்தார்: விளையாட வருகிற யாரையும் நீ வரக் கூடாது என்று சொல்லக் கூடாது. அதைத் திணிக்கவில்லை, முதலில் தன் குழந்தைகளிடமும் மேல் வகுப்புப் பிள்ளைகளிடமும் நாள்கணக்கில் விவாதித்தார். விதி நியாயம்தான், ஆனால் நடக்காது என்றார்கள் பெரிய பிள்ளைகள். கொண்டுவந்த பிறகு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அது வழக்கத்துக்கு வந்துவிட்டது. 1992-இல் அதைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். இந்த விதிக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் எல்லாருக்கும் நண்பராக வேண்டும் என்று இது கேட்கவில்லை. யாரிடம் ரகசியம் பேசுவது, யார் தோளில் கை போடுவது என்பது அவரவர் இஷ்டம். பொது இடத்தில் நடக்கும் கூட்டு விளையாட்டு அப்படி இல்லை. கைநீட்டினால் அன்றைக்கு வெளியே, மறுநாள் உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம். அது இவனுக்கு மட்டும் அல்ல, எட்டுப் பேருக்கும்.

காலியிடத்தில் இதைச் செய்வது கஷ்டமில்லை. இரண்டு கேப்டன் நின்று ஆள் பொறுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். கடைசியில் மிச்சமாக நிற்கும் ஒருவனை அதுதான் உருவாக்குகிறது. சீட்டுப் போட்டு அணி பிரிக்கட்டும். மண்ணில் எண்களை எழுதி பேட்டால் மறைத்து, ஆளுக்கொரு கோட்டைத் தொட்டு பேட்டிங் வரிசை முடிவு செய்யும் வழக்கம் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும், அதையே எல்லாருக்குமாக்குங்கள். பந்தும் பேட்டும் எட்டு வீட்டுக் காசில் வாங்கிப் பொதுவாக இருக்கட்டும்.

பையன் மைதானத்துக்குள் நிற்கிறான் என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதும் ஒதுக்கல்தான். அவனுக்கு பேட் கிடைத்ததா, அவனிடம் ஒரு ஓவர் கொடுத்தார்களா, அல்லது விளைக்குள் ஓடிப் பந்து பொறுக்க மட்டும் அவனா என்று பாருங்கள். ஒரு மாதம் பாருங்கள். முதல் வாரம் எல்லாரும் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார்கள்.

சண்டை போட்ட இரண்டு அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். ஆளுக்கொரு நாள் சாயங்காலம் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். மற்ற ஆறு வீட்டாரும் இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவன் வெளிய நின்னப்ப நீ என்ன சொன்ன?" பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.