பட்டையின் கால் எந்த எண்ணில் நிற்கிறது?

ஒரு செய்தி வரைபடத்தின் புகைப்படம் உங்கள் கைப்பேசிக்கு வருகிறது. ஒரு பட்டை குட்டையாக இருக்கிறது, பக்கத்துப் பட்டை படத்தின் உச்சியைத் தொடுகிறது. அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். ஐந்து நிமிடம் போதும். படத்தில் அச்சாகியிருக்கும் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கலாம். எண்களில் கை வைக்காமல் உயரத்தை மட்டும் மாற்றி ஒரு பொய்யைச் சொல்லிவிட முடியும். நம் கண் எண்ணைப் படிப்பதற்குள் உயரத்தைப் படித்து முடித்திருக்கும். மனம் அந்த உயரத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு 2012 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சிக் குழுமம் காட்டிய ஒரு படத்தைப் பாருங்கள். ஜார்ஜ் புஷ் ஆட்சியில் வந்த வரிக் குறைப்புகள் அந்த ஆண்டின் இறுதியில் முடிவுக்கு வரவிருந்தன. முடிந்துவிட்டால் உச்ச வரி விகிதம் என்ன ஆகும் என்பதே செய்தி. ‘இப்போது’ என்ற பட்டைக்கு 35 சதவீதம், ‘2013 ஜனவரி 1’ என்ற பட்டைக்கு 39.6 சதவீதம். இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் திரையில் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது. காரணம், செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. 34-இல் தொடங்கி 42-இல் முடிந்தது. 35 என்ற பட்டைக்கு அடிக்கோட்டுக்கு மேலே கிடைத்தது ஒரே ஒரு சதவீதப் புள்ளியின் உயரம், 39.6-க்குக் கிடைத்தது 5.6 புள்ளிகளின் உயரம். வரி உண்மையில் உயரப்போனது 13 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரிந்ததோ 460 சதவீத உயர்வு.

வரைபடங்களைப் பற்றி ஆழமாக எழுதிய எட்வர்ட் டஃப்டி, 1983-இல் வெளியான தம் நூலில் இதை அளக்க ஒரு வழி சொன்னார். படம் காட்டும் மாற்றத்தை எண்கள் காட்டும் மாற்றத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்கு மிக அருகில் இருந்தால் படம் நேர்மையானது. ஒன்றைவிட எவ்வளவு பெரிதோ அவ்வளவு மிகை. இதை அவர் பொய்க் காரணி என்றார். வரிப் படத்துக்கு 460-ஐ 13.14-ஆல் வகுத்தால் 35 வருகிறது. பட்டை வரைபடத்துக்கு இதைவிட எளிய குறுக்கு வழியும் உண்டு. முதல் பட்டையின் எண்ணை, அந்த எண்ணுக்கும் அடிக்கோட்டின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தாலே போதும். இங்கே 35-ஐ 1-ஆல் வகுக்கிறோம். அதே 35 கிடைக்கிறது.

அச்சில் எண் இருந்தால் இது மனக்கணக்கு. ஆனால் கைப்பேசியில் நமக்கு வந்து சேரும் படங்கள் பலவற்றுக்கு அச்சே இருக்காது. வரைந்தவர் போடாமல் விட்டிருப்பார், அல்லது படம் எடுத்தவர் ஓரத்தை வெட்டியிருப்பார். அப்போதுதான் ஸ்கேல் தேவைப்படுகிறது. பட்டைகளின் மேலே எண்கள் எழுதியிருந்தால், மறைந்துபோன அடிக்கோட்டு எண்ணை நாமே மீட்டெடுக்கலாம். படத்தைத் திரையில் பெரிதாக்கி, இரண்டு பட்டைகளின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். உயர வித்தியாசத்தையும் எண் வித்தியாசத்தையும் ஒப்பிட்டால் ஒரு மில்லிமீட்டர் எத்தனைக்குச் சமம் என்று தெரியும். அதைக் குட்டைப் பட்டையின் உயரத்தால் பெருக்கி, அதன் எண்ணிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் பட்டையின் கால் நிற்கும் எண்.

அதே குழுமத்தின் ஃபாக்ஸ் நியூஸ் 2014 மார்ச் 31-இல் காட்டிய இன்னொரு படத்தில் இதைச் செய்து பார்ப்போம். ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதற்கு அன்று கடைசி நாள். ஒரு பட்டை ‘மார்ச் 27 நிலவரம்: 60,00,000’ என்றது, மற்றது ‘மார்ச் 31 இலக்கு: 70,66,000’ என்றது. அச்சில் எண் கிடையாது. முதல் பட்டையின் உயரம் இரண்டாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரிய பட்டை உங்கள் திரையில் 60 மில்லிமீட்டர் என்றால் சிறியது 20. வித்தியாசமான 40 மில்லிமீட்டர் 10,66,000 பேரைக் குறிக்கிறது, அதாவது மில்லிமீட்டருக்கு 26,650 பேர். சிறிய பட்டையின் 20 மில்லிமீட்டருக்கு 5,33,000 பேர். 60 லட்சத்தில் அதைக் கழித்தால் 54,67,000. பட்டையின் கால் பூஜ்யத்தில் இல்லை, ஏறக்குறைய 55 லட்சத்தில் நிற்கிறது! இலக்கில் 85 சதவீதம் எட்டிய ஒரு திட்டம், பார்ப்பவர் கண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மட்டுமே எட்டியதாகத் தெரிந்தது. பொய்க் காரணி 11-ஐத் தாண்டுகிறது. நான்கு நாள் முந்தைய எண்ணையும் கடைசி நாள் இலக்கையும் அருகருகே நிறுத்தியது தனிப் பிழை. காலக்கெடு முடிந்த மறுநாள் வெள்ளை மாளிகை அறிவித்த எண்ணிக்கை 71 லட்சம்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு, அதை மறந்து யார்மீதும் பழி போட்டுவிடாதீர்கள். இரண்டு பட்டைகளை வைத்துக் கணக்கிட்டால் எப்போதும் ஏதோ ஓர் எண் வந்தே தீரும். அது உண்மையான அடிக்கோடுதானா என்று மூன்றாவது பட்டை இருந்தால்தான் சோதிக்க முடியும். கிடைத்த அடிக்கோட்டையும் மில்லிமீட்டர் மதிப்பையும் வைத்து மூன்றாவது பட்டை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் அளவே சீராக இல்லை, அல்லது படம் கண்ணளவில் வரையப்பட்டிருக்கிறது. இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய சம உயரம் என்றால் அரை மில்லிமீட்டர் தவறும் விடையை எங்கோ கொண்டுபோய்விடும். அந்த இடத்தில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். சம உயரப் பட்டைகள் எந்த வளர்ச்சியையும் மிகைப்படுத்திக் காட்டப்போவதும் இல்லை.

புகைப்படம் என்பதால் வரும் கோளாறு வேறு இருக்கிறது. மேசையில் கிடக்கும் நாளிதழை உட்கார்ந்தபடி சாய்வாக எடுத்தால், கேமராவுக்குத் தொலைவில் உள்ள மேற்பகுதி சுருங்கிவிடும். வரைபடத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலே போகப் போக நெருங்கினால் படம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பின்னணியில் உள்ள குறுக்குக் கோடுகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். 10, 20, 30 என்று சீராக ஏறும் கோடுகளின் இடைவெளி மேலே போகப் போகக் குறைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் சாய்வு. சம இடைவெளியில் இருக்கும் கோடுகளில் 10, 100, 1000 என்று எழுதியிருந்தால் அது மடக்கை அளவு. அதில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. தொற்றுநோய்க் காலத்தில் பல நாளிதழ்கள் இதை நியாயமான காரணத்தோடு பயன்படுத்தின. அதை மோசடி என்று எழுதுவது நம் அவசரத்தைத்தான் காட்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பட்டைகளின் அடி படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியவர் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தால் குற்றம் நாளிதழுடையது அல்ல. அன்றைய மின்னிதழில் மூலப்படத்தைத் தேடிப் பார்க்காமல் பேர் சொல்லிக் குறைகூறாதீர்கள்.

‘பூஜ்யத்தில் தொடங்காதது எல்லாம் பொய்’ என்ற பாடத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. பட்டை தன் நீளத்தால் பேசுகிறது, அதனால் அதற்குப் பூஜ்யம் கட்டாயம். கோட்டு வரைபடம் தன் ஏற்ற இறக்கத்தால் பேசுகிறது. அதற்குத் தேவை அந்தப் பொருளுக்குப் பொருத்தமான எல்லை. 2015 டிசம்பரில் அமெரிக்காவின் நேஷனல் ரிவ்யூ இதழ், உலகச் சராசரி வெப்பநிலையை –10-இலிருந்து 110 வரையிலான ஃபாரன்ஹீட் அச்சில் வரைந்த ஒரு படத்தைப் பகிர்ந்தது. 1880 முதல் ஏறியிருந்த ஏறக்குறைய ஒன்றரை பாகை, 120 பாகை உயரமுள்ள அந்தப் படத்தில் தட்டையான கோடாகிவிட்டது. 60 மில்லிமீட்டர் உயரப் படத்தில் அந்த உயர்வுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூமியின் சராசரிக்கு ஒன்றரை பாகை என்பது பெரிய மாற்றம். அதை மறைக்க எல்லையை விரித்தாலே போதுமானதாக இருந்தது. ஆகவே கோட்டைப் பார்க்கும்போது, இந்தப் பொருளில் எவ்வளவு மாற்றம் உண்மையிலேயே பொருட்படுத்தத் தக்கது என்று கேளுங்கள். காய்ச்சல் அட்டவணையை யாரும் பூஜ்யத்திலிருந்து வரைவதில்லை.

மூன்றாவது சோதனை, காலம். அச்சும் அளவும் சுத்தமாக இருக்கும்போதுகூட, கோடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பது முடிவைத் தலைகீழாக்கலாம். 1998-இல் மிக வலுவான எல் நினோவால் உலகம் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்தது. அந்த உச்சத்திலிருந்து கோட்டைத் தொடங்கி, வெப்பமாதல் நின்றுவிட்டது என்று ஏராளமான செய்திகள் வந்தன. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2013-இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் தந்திரத்தை எண்களாலேயே அவிழ்த்துக் காட்டியது. 1998-இல் தொடங்கும் பதினைந்து ஆண்டுகளில் வெப்பம் பத்தாண்டுக்கு 0.05 செல்சியஸ் பாகை வேகத்தில் ஏறியது. அதே பதினைந்து ஆண்டு நீளத்தை 1997-இல் தொடங்கினால் 0.07, 1996-இல் தொடங்கினால் 0.14, 1995-இல் தொடங்கினால் 0.13. இரண்டே ஆண்டுகள் நகர்த்தியதில் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. 1951 முதல் 2012 வரையிலான நீண்ட காலத்துக்கு அது 0.12.

உங்களுக்கு வரும் விலைவாசிப் படத்துக்கும் வேலையின்மைப் படத்துக்கும் இதையே செய்யுங்கள். முதல் புள்ளியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு முதல் இரண்டு புள்ளிகளை மறையுங்கள். கதை மாறிவிடுகிறதா? மாறினால் அந்தத் தொடக்க ஆண்டில் என்ன நடந்தது என்று தேடுங்கள். அது பஞ்ச ஆண்டா, ஊரடங்கு ஆண்டா, தேர்தல் ஆண்டா? படத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளின் எண்களை, அதை வெளியிட்ட துறையின் அறிக்கையில் பாருங்கள். செய்தி ‘கடந்த நான்கு மாதங்களில்’ என்றால், போன ஆண்டின் இதே நான்கு மாதங்கள் எப்படி இருந்தன என்று கேளுங்கள். தக்காளி விலை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். இறங்கிய மாதத்தில் தொடங்கி ஏறிய மாதத்தில் முடித்தால் எந்த ஆட்சியையும் குற்றவாளியாக்கலாம்.

உங்கள் கட்சிக்குச் சாதகமான படம் வரும்போதுதான் ஸ்கேலை முதலில் எடுக்க வேண்டும். எதிராளியின் படத்தை நீங்கள் சொல்லாமலே நூறு பேர் அளந்துவிடுவார்கள். உங்கள் பக்கத்துப் படத்தை அளக்க உங்களை விட்டால் ஆளில்லை. நீங்களே நாளிதழிலிருந்து படம் எடுத்து அனுப்புவதானால் தலைப்பு, இரண்டு அச்சுகள், கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்பு, தேதி எல்லாம் உள்ளே வருமாறு, நேர் மேலிருந்து எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள்.

மிகையான படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அப்படியானால் அதை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம், பார்த்தவர்கள் மனத்தில் அந்த உயரம் அப்படியே இருக்கிறது. காப்பீட்டுப் படத்தை ஃபாக்ஸ் நியூஸ்கூடப் பிறகு திருத்தி மறுபடி ஒளிபரப்பியது. நீங்களும் அதே குழுவில், அன்றைக்கே, பட்டையின் கால் எந்த எண்ணில் நின்றது, உண்மையான மாற்றம் எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள்.