விரும்பிய முடிவும் எதிர்ச் சாட்சியும்

கணக்கு எழுதும் தொழிலில் உள்ளோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் கிராணி பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். வராவிட்டாலோ மறுபடியும் கூட்டுகிறார், வரும்வரை கூட்டுகிறார். அவர் பொய்க் கணக்கு எழுதுபவர் அல்லர்; ஒவ்வொரு முறையும் நேர்மையாகவே கூட்டினார். ஆயினும் எவ்விடத்தில் நிறுத்துவது என்பதைத் தீர்மானித்தது கணக்கன்று, அவருடைய விருப்பமே. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டி, அவர் எதிர்பார்த்த தொகையையே கொடுத்திருந்தால், அவற்றை அவர் ஒருநாளும் காணப்போவதில்லை.

விரும்பிய முடிவை நோக்கி அறிவு நடக்கும் விதமும் இதுவே. பொய் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. நமக்கு இசைந்த சாட்சியை வாசலிலேயே வரவேற்கிறோம். இசையாத சாட்சியை மட்டும் நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறோம். இக்குற்றம் எழுத்தாளனுக்கு மிக எளிதில் நேர்கிறது. ஏனெனில் அவன் முடிவைத் தீர்மானித்துக்கொண்ட பின்னரே பெரும்பாலும் எழுத உட்காருகிறான். இதற்குப் பரிகாரம் என்ன என்பதை, நம் மலாய் நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு சிந்திப்போம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் சோர்ந்து மனிதர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோயுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய்க்காரரும் தப்பினர். நோய்க்குக் காரணம் அரிசியே என்றும், தீட்டிய அரிசி நாட்படும்போது அதில் ஒரு நஞ்சு உண்டாகிறதென்றும் அவர் 1907-ல் வெளியிட்ட நூலில் வாதித்தார்.

இக்கொள்கைக்கு இணங்கும் உதாரணங்களை நூறாக்குவதால் பயன் யாதும் இல்லை. எதிர்க்கட்சியாரின் மிக வலுவான வாதம் எது என்பதே கேள்வி. பெரிபெரி இடத்தைப் பற்றிய தொற்று என்று அக்காலத்து மருத்துவர் பலர் நம்பினர். சீனர் நெருக்கமான கூலிக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். ஆகவே அவர்களைக் கொன்றது அரிசியன்று, கொட்டகையே என்று அவர்கள் விடை கூற முடியும். அரிசியும் கொட்டகையும் ஒன்றாகவே சேர்ந்திருந்த வரையில் பிராடன் காட்டிய உதாரணங்கள் யாவும் இரு கட்சிக்கும் பொதுவாகவே இருந்தன.

இம்முடிச்சை அவிழ்க்கும் சோதனையைக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவசாலையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905 டிசம்பரில் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினரைக் கிழக்குக் கட்டடத்தில் வைத்துச் சயாம் வெள்ளரிசி கொடுத்தார். இரட்டைப்படை எண்ணினரை அதே அமைப்புள்ள மேற்குக் கட்டடத்தில் வைத்துப் புழுங்கலரிசி கொடுத்தார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. கிழக்கே நோய் எழுந்தது. இவ்விடத்தில் வெற்றி முழக்கம் செய்திருக்கலாம். ஆனால் எதிர்க்கட்சியாருக்கு இன்னும் ஒரு வழி திறந்திருந்தது: நோய்க்கிருமி கிழக்குக் கட்டடத்தில் குடியிருக்கலாமன்றோ? ஆகவே ஆண்டின் நடுவில் அவர் கட்டடங்களை மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தில் தங்கவில்லை. வெள்ளரிசியின் பின்னேயே சென்றது. முடிவில் வெள்ளரிசி உண்ட 120 பேரில் 36 பேர் நோயுற்று 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுற்றவர் இருவரே. அவ்விருவரும் வந்து சேரும்போதே நோயோடு வந்தவர்கள். மாண்டவர் எவருமிலர்.

பிராடன் கொள்கை வென்றதா? பாதி வென்றது. அரிசிக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பது நிலைத்தது. ஆனால் நஞ்சு என்னும் பாதிக்கு இச்சோதனையில் ஆதரவு ஒன்றுமில்லை. வெள்ளரிசியில் நஞ்சு இருந்தாலும், இருக்கவேண்டிய சத்து இல்லாதிருந்தாலும் விளைவு ஒன்றுபோலவே தோன்றும். பிரியமான கொள்கையின் ஒரு பகுதி மெய்ப்பட்டவுடன் மற்றப் பகுதியும் அதன் தோளேறி உள்ளே நுழைந்துவிடுகிறது. இதுவே நாம் காவலிருக்க வேண்டிய இடம்.

நஞ்சுக் கொள்கைக்கு எதிரான கேள்வியைக் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் கேட்டனர். நாட்பட்டதனால் நஞ்சு உண்டாகிறதென்றால், அன்றன்று தீட்டிய அரிசி தீங்கு செய்யலாகாது. அதைக் கோழிகளுக்கு இட்டுப் பார்த்தனர்; அவற்றுக்கும் நரம்பு நோய் வந்தது. தீட்டும்போது கழிக்கப்பட்ட தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. நஞ்சு வீழ்ந்தது, குறைபாடு நின்றது. அக்குறைபட்ட பொருளை, இன்று பி1 எனப்படும் வைட்டமினை, 1926-ல் ஜாவாவில் இரு டச்சு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர்.

இனி நம் சொந்த விருப்பத்துக்கு வருவோம். இக்கதையைக் கேட்கும் தமிழன் உள்ளத்தில் உடனே ஒரு முடிவு மலர்கிறது: நோயைத் தடுக்கவே நம் முன்னோர் நெல்லை அவித்தனர், விஞ்ஞானம் அதைப் பின்னரே கண்டது. கேட்க இனிக்கிறது. இதற்கும் அதே முறையைச் செலுத்துவோம்.

மிக வலுவான எதிர்ச் சாட்சி இரண்டு. முதலாவது, மலாய்க்காரர் நெல்லை அவிக்கவில்லை, எனினும் தப்பினர். உரலில் குத்திய அரிசியில் தவிட்டில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவே அவர்களைக் காத்தது. இரண்டாவது, பாங்காக்கிலும் ரங்கூனிலும் நீராவி ஆலைகள் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நம் முன்னோரும் உரலில் குத்தியே உண்டனர். அவ்வரிசி அவியாததாயினும் பேராபத்து இல்லை. ஆகவே ஆலை கொண்டுவந்த ஆபத்துக்கு, ஆலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் மருந்து கண்டனர் என்று சொல்ல ஆதாரமில்லை. அவித்தால் உமி எளிதில் நீங்குகிறது, அரிசி நொறுங்குவதும் குறைகிறது. அவ்வழக்கத்துக்கு இவையே போதிய காரணங்கள்.

அப்படியானால் பழையன யாவும் வெறும் வழக்கமே என்று சீர்திருத்த அன்பர் துள்ளியெழலாகாது. அவருடைய பிரியமான முடிவும் இதே கூண்டில் நிற்கவேண்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் அவ்வழக்கம் தமிழர் உயிரைக் காத்தது மெய். இரு எதிர்ச் சாட்சிகளையும் கேட்டபின் எஞ்சும் வாக்கியம் சிறியது: வேறு காரணத்துக்காகத் தோன்றிய வழக்கம் ஒன்று, எதிர்பாராத ஆபத்து வந்தபோது பயன்பட்டது. பெருமை குறைந்தது, ஆனால் இவ்வாக்கியத்தை எவர் முன்னும் கூறலாம்.

எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் இதிலிருந்து இரண்டு கிடைக்கின்றன. தம் கொள்கைக்கு மாறான செய்தி கண்ணில் பட்டவுடனே டார்வின் அதைக் குறித்துவைத்துக்கொள்வார். இசைந்தவற்றைவிட இசையாதவையே விரைவில் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம். அது முதல் முறை. இரண்டாவது, எழுதத் தொடங்குமுன்பே, எந்தச் செய்தி கிடைத்தால் இம்முடிவைக் கைவிடுவேன் என்று ஒரு வரி எழுதிவைத்தல். அவ்வரி எழுத இயலவில்லையென்றால் நம்மிடம் இருப்பது ஆராய்ச்சியன்று, ஆசை. எழுத முடிந்தால், அச்செய்தியைத் தேடிப் போகவேண்டியது நாமேயன்றி நம் பகைவர் அல்லர். பிளெச்சர் கட்டடங்களை மாற்றியதற்குப் பொருள் இதுவே.